அரசுப் பள்ளிக்குப் பணம் திரட்டும் பதிவுகள்: எழுதுவதும் கணக்குக் காட்டுவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது செய்யலாம் என்று முன்னாள் மாணவர்கள் வாட்ஸ்அப் குழு தொடங்குவது இப்போது எல்லா ஊரிலும் நடக்கிறது. பணம் கேட்கும் பதிவு எப்படியோ எழுதிவிடுகிறார்கள், செலவுக் கணக்குப் பதிவில்தான் திணறுகிறார்கள். அதனால் இந்தப் பக்கம் முழுக்க ஒரே உதாரணத்தை வைத்தே பேசுகிறேன். ஒரு கிராமத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, 142 பிள்ளைகள், போர் தண்ணீர் உப்பு. குடிநீருக்கு ஆர்.ஓ. இயந்திரம் வைக்க வேண்டும். தொகைகள் உதாரணத்துக்காக நான் போட்டவை, உங்கள் ஊர் விலை வேறாக இருக்கும்.

"உருக்கமாத்தான் எழுதினோம், நிறைய பேர் ஷேர் பண்ணினாங்க, ஆனா பணம் வரலையே?"

உருக்கம் ஷேர் வாங்கித் தரும், பணம் வாங்கித் தராது. போனை எடுத்துப் பணம் அனுப்பப் போகிறவருக்கு அந்த நிமிடம் மனதில் ஓடுவது ஐந்தாறு கேள்விகள்தான். எந்தப் பள்ளி, தலைமை ஆசிரியருக்கு இது தெரியுமா, என்ன வாங்கப் போகிறீர்கள், எவ்வளவு ஆகும், யார் கணக்குக்குப் போகிறது, மிச்சமானால் என்ன செய்வீர்கள். இதில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் "அப்புறம் பார்க்கலாம்" என்று போனை வைத்துவிடுவார், அந்த அப்புறம் வருவதே இல்லை. "ஏழை மாணவர்களின் தாகம் தீர்க்க உதவுங்கள்" என்ற வரியில் இந்தக் கேள்விகள் எதற்கும் பதில் இல்லை.

"அப்போ முதல் பதிவு எப்படி இருக்கணும்? ஒரு மாதிரி காட்டுங்க."

நம் உதாரணப் பள்ளிக்கு நான் இப்படி எழுதுவேன்:

> நம் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பிள்ளைகள் குடிப்பது போர் தண்ணீர். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்தோம், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவான டி.டி.எஸ். லிட்டருக்கு 1,400 மில்லிகிராம். அறிக்கை கீழே படத்தில் உள்ளது. மணிக்கு 50 லிட்டர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வைக்கப் பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டிருக்கிறது.
>
> இயந்திரம் 42,000. ஸ்டீல் தொட்டி 21,500. குழாய் வேலை 9,800. மின் வேலை 4,200. மேடை கட்ட 13,400. இரண்டு வருடத்துக்கு ஃபில்டர், மெம்பரேன் மாற்ற 12,000. மொத்தம் ரூ. 1,02,900. மூன்று கடைகளின் கொட்டேஷன் படமும் இணைத்திருக்கிறோம்.
>
> பணம் பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்குக்கு மட்டும். ஜூலை 31-க்குள் 85,300-க்குக் குறைவாக வந்தால் வேலையைத் தொடங்க மாட்டோம், வந்ததை அவரவருக்கே திருப்பி அனுப்புவோம். அதற்கு மேல் வந்து, முழுத் தொகைக்குக் குறைந்தால் மேடையையும் மின் வேலையையும் நாங்களே பொறுப்பேற்கிறோம். வேலை முடிந்து மிச்சமானால் அது பராமரிப்புப் பணத்தோடு சேரும், வேறு எதற்கும் எடுக்க மாட்டோம். முழுக் கணக்கு செப்டம்பர் 15 அன்று இதே இடத்தில்.

மொத்தத்தை ஒரு லட்சம் என்று உருட்டாமல் 1,02,900 என்றே விட்டதைக் கவனியுங்கள். உருட்டிய தொகையைப் பார்த்தால் யாரோ உட்கார்ந்து குத்துமதிப்பாகப் போட்டது போலத் தெரியும். உடைந்த தொகை என்றால் கடைக்குப் போய் விலை கேட்டிருக்கிறார்கள் என்று படிப்பவருக்கே புரியும். அதே மாதிரி, கணக்குக் காட்டும் தேதியை யாரும் கேட்பதற்கு முன்பே நீங்களே எழுதிவிட்டால் பாதி சந்தேகம் அங்கேயே அடங்கிவிடும். என் அனுபவத்தில் பணம் அனுப்பத் தயங்குபவரை அனுப்ப வைப்பது அந்த ஒரு வரிதான்.

தண்ணீர் அறிக்கை போட்டதற்கும் காரணம் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரப்படி டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால்தான் 2,000 வரை. விவரம் தெரிந்த யாராவது ஒருவர் "ஆர்.ஓ. எதுக்கு, சாதாரண ஃபில்டர் போதாதா?" என்று கண்டிப்பாகக் கேட்பார். நல்ல கேள்விதான், சில ஊர்களில் சாதாரண ஃபில்டரே போதும். 1,400 என்ற எண் கையில் இருந்தால் பதில் சொல்ல முடியும்.

"என் ஜிபே நம்பரையே கொடுத்தா என்ன? எல்லாருக்கும் என்னைத் தெரியுமே."

உங்களைத் தெரிந்தவர்கள் முதல் வட்டம் மட்டும்தான். பதிவு நாலு கை தாண்டிப் போன பிறகு படிப்பவருக்கு நீங்கள் வெறும் ஒரு பெயர். அதைவிடப் பெரிய சிக்கல், உங்கள் சொந்தக் கணக்கில் சம்பளமும் வீட்டு வாடகையும் பால்காரர் பணமும் கலந்து ஓடும்போது எந்த ரூபாய் பள்ளியுடையது என்று உங்களாலேயே பிரித்துக் காட்ட முடியாது. பாஸ்புக்கை எடுத்து வெளியில் போடவும் முடியாது.

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்கே நல்லது. கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த குழு, பெற்றோர்தான் பெரும்பான்மை, ஒருவர் மட்டும் நினைத்தால் பணத்தை எடுத்துவிட முடியாது. 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் இணையதளம் வழியாகவும் குறிப்பிட்ட பள்ளிக்குக் கொடுக்கலாம். பெரிய தொகை, கம்பெனிப் பணம் என்றால் அந்த வழியைத் தேடுங்கள். இரண்டும் சரிவராத இடத்தில், இரண்டு பேர் கையெழுத்து போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற கூட்டுக் கணக்கு ஒன்றைப் புதிதாகத் தொடங்கி, இந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் மூடிவிடலாம்.

எந்தக் கணக்கானாலும் இதையும் பதிவில் சேருங்கள்: "க்யூஆர் ஸ்கேன் செய்ததும் திரையில் இந்தப் பெயர் வரும், வேறு பெயர் வந்தால் அனுப்ப வேண்டாம்." பெயரை அப்படியே, திரையில் வருகிற எழுத்துகளில் கொடுங்கள். உங்கள் படத்தை எடுத்து க்யூஆரை மட்டும் மாற்றி ஒட்டிச் சுற்றில் விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தடுக்க நம்மால் முடிந்த காரியம் இது ஒன்றுதான்.

"கனடா, சிங்கப்பூர்ல இருக்கற நம்ம ஊர்க்காரங்க அனுப்பினா வாங்கலாமா?"

அவர் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பதுதான் கேள்வி. இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் நம் தெருவிலேயே பிறந்தவராக இருந்தாலும், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பதிவு பெற்ற அமைப்புகளும் அதை ஸ்டேட் பாங்கின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்க முடியும், வாங்கியதை இன்னொரு அமைப்புக்கு மாற்றவும் முடியாது. அதனால் "பதிவு இருக்கிற டிரஸ்ட்டுக்கு அனுப்புங்க, அவங்க நமக்குத் தருவாங்க" என்ற யோசனை செல்லாது. அந்த டிரஸ்ட்டே நேரடியாக இயந்திரம் வாங்கிப் பள்ளியில் வைத்தால் சரி.

"இங்க இருக்கற தம்பி பேர்ல அனுப்பறேன், அவன் கொடுத்துடுவான்" என்பதும் அதே சட்டத்தைச் சுற்றிப் போகிற வழிதான். ஆசையோடு கேட்கிறவரிடம் மறுப்பது கஷ்டமாக இருக்கும், ஆனால் நாளைக்குத் தலைமை ஆசிரியர் பதில் சொல்ல வேண்டி வரும். பதிவிலேயே "இந்தியக் குடிமக்கள் மட்டும் அனுப்பவும்" என்று எழுதிவிடுங்கள்.

"80ஜி ரசீது தருவீங்களான்னு கேக்கறாங்க."

நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரிச் சலுகை வாங்கித் தரும் 80ஜி பதிவு உங்கள் அமைப்புக்கு இருந்தால் மட்டும் ஆமாம் என்று சொல்லுங்கள். முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவுக்கு அது இருக்காது. "வரிவிலக்கு கிடையாது, பணம் பெற்றதற்கான ரசீது மட்டும் தருவோம்" என்று நேராகச் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பதிவு உள்ள டிரஸ்ட் என்றால் நன்கொடையாளரின் பான் எண்ணை முதலிலேயே வாங்கிவையுங்கள், வருடக் கடைசியில் அலையக் கூடாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும், பணத்துக்குப் பதில் பொருளாகக் கொடுத்தாலும், புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர் என்றாலும் அந்தச் சலுகை கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

"யார் யார் எவ்வளவு குடுத்தாங்கன்னு பட்டியல் போடலாமா?"

நம் ஊரில் இது மொய் நோட்டு மாதிரி ஆகிவிடுகிறது. பத்தாயிரம் கொடுத்தவர் பெயர் மேலே, நூறு ரூபாய் கொடுத்தவர் பெயர் கீழே. நூறு ரூபாய்க்காரர் அடுத்த முறை கொடுக்கவே கூச்சப்படுவார், அல்லது கடன் வாங்கி ஐந்நூறு கொடுப்பார். இரண்டுமே வேண்டாத விளைவு. சிலருக்கு வீட்டில் தெரியாமல் கொடுப்பதும் உண்டு.

ஆனால் பட்டியலே போடாவிட்டால் "மொத்தம் இவ்வளவு வந்தது" என்று நீங்கள் சொல்வதை யாரும் சரிபார்க்க முடியாது. இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு யுபிஐ பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று வரும், அனுப்பியவர் போனிலும் இருக்கும், உங்கள் வங்கி அறிக்கையிலும் இருக்கும். பெயரைப் போடாமல் தேதி, அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கம், தொகை, இந்த மூன்றை மட்டும் வரிசையாகப் போடுங்கள். "ஜூலை 9, …4417, ரூ. 500" என்கிற மாதிரி. கொடுத்தவர் தன் வரியைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார், வேறு யாருக்கும் அது யாரென்று தெரியாது. எல்லா வரிகளையும் கூட்டினால் நீங்கள் சொன்ன மொத்தம் வர வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கலாம். ரொக்கமாக வந்ததற்கு ரசீது எண்ணைப் போடுங்கள், ரொக்கத்தை அன்றோ மறுநாளோ அதே கணக்கில் கட்டிவிடுங்கள்.

"செலவுக் கணக்குன்னா பில் போட்டோ எல்லாத்தையும் போட்டா போதுமா?"

பில் படங்கள் இருபது வரிசையாகக் கிடந்தால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். முதலில் நாலு வரியில் கணக்கு, பிறகு பில்கள். நம் உதாரணத்தின் கணக்கு இப்படி முடிந்தது என்று வைத்துக்கொள்வோம்:

> வந்தது ரூ. 1,11,350.
> செலவு: இயந்திரம் 42,000. தொட்டி 23,000. குழாய் வேலை 9,150. மின் வேலை 6,700. மேடை 13,400. மொத்தம் ரூ. 94,250.
> கணக்கில் இருப்பது ரூ. 17,100. இதில் 12,000 முன்பே சொன்ன பராமரிப்புப் பணம், மீதி 5,100 வேலை முடிந்து மிச்சமானது. அதுவும் பராமரிப்புக்கே.
> தொட்டி 1,500 கூடியது: சொன்ன அளவு கடையில் இல்லை, அடுத்த அளவு வாங்கினோம். மின் வேலை 2,500 கூடியது: பழைய வயரிங்கில் எர்த் இல்லை, தண்ணீர் படும் இடத்தில் அப்படி விட முடியாது என்று தனி லைன் இழுத்தோம். குழாய் வேலையில் 650 குறைந்தது.

இதில் படிப்பவர் நம்புவது கடைசிப் பத்தியை. திட்டத்தில் போட்டதும் செலவானதும் ஒவ்வொரு வரியிலும் அப்படியே ஒத்துப்போனால்தான் சந்தேகம் வர வேண்டும், கட்டுமான வேலையில் அப்படி நடக்கவே நடக்காது. எது ஏன் கூடியது, எது குறைந்தது என்று எழுதுங்கள். அதோடு இருப்புத் தொகை தெரிகிற பாஸ்புக் பக்கத்தையும் போடுங்கள், கணக்கு எண்ணை மட்டும் மறைத்துவிட்டு. 17,100 என்று நீங்கள் எழுதியதும் பாஸ்புக்கில் 17,100 என்று இருப்பதும் ஒன்றாகப் பொருந்தினால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

பில் வாங்கும்போது பள்ளியின் பெயரில் வாங்குங்கள், உங்கள் பெயரில் வேண்டாம். தேதியும் கடையின் ஜிஎஸ்டி எண்ணும் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். "பில் இல்லாம வாங்கினா விலை குறையும்" என்று கடைக்காரர் சொல்வார். நன்கொடைப் பணத்தில் அந்த லாபம் வேண்டாம், நாளைக்கு வாரண்டியும் கிடைக்காது.

"கொத்தனாரும் சித்தாளும் பில் தர மாட்டாங்களே?"

வவுச்சர் போடுங்கள். தேதி, பெயர், என்ன வேலை, எத்தனை நாள், ஒரு நாள் கூலி எவ்வளவு, மொத்தம், கையெழுத்து அல்லது கைரேகை. 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து. கூலியை அன்றன்றைக்கே எழுதிவிட வேண்டும், வாரம் கழித்து எழுதினால் வந்த நாளா வராத நாளா என்று தகராறு வரும். வெளியில் படம் போடும்போது அவருடைய பெயரையும் போன் நம்பரையும் மறைத்துவிடுங்கள், அசல் தாள் பள்ளிக் கோப்பில் இருக்கட்டும்.

"பிள்ளைங்க போட்டோ போட்டாத்தான் மனசு இளகும்னு சொல்றாங்க..."

பெற்றோர் சம்மதம் இல்லாமல் முகம் தெரிகிற படம் வேண்டாம். சம்மதம் இருந்தாலும், கிழிந்த சட்டையோடு சொம்பு ஏந்தி நிற்கிற மாதிரி நிற்க வைத்து எடுப்பது எனக்கு ஒப்பவே ஒப்பாது. அந்தப் பிள்ளைக்குப் பத்து வருடம் கழித்து வேலை கிடைத்து, கல்யாணம் பேசும்போதும் அந்தப் படம் இணையத்தில் இருக்கும். நன்கொடை கொடுத்தவருக்கும் அந்தப் படத்திலிருந்து எதுவும் தெரிவதில்லை. காப்பகம், குழந்தைகள் இல்லம் என்றால் இன்னும் கவனம் வேண்டும், பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காட்டுவதை இளஞ்சிறார் நீதிச் சட்டமே தடை செய்கிறது.

அதற்குப் பதில் வேலையைக் காட்டுங்கள். குழாய் இருக்கும் இடத்தை வேலைக்கு முன்பும் பின்பும் அதே மூலையில் நின்று எடுங்கள், பின்னால் இருக்கிற வேப்பமரமோ ஜன்னலோ இரண்டு படத்திலும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் வேறு பள்ளியின் படமோ என்று தோன்றும். இயந்திரத்தின் வரிசை எண் ஒட்டியிருக்கும் பட்டையை ஒரு படம், பில்லிலும் அதே எண் இருக்கும். டி.டி.எஸ். மீட்டரைப் போர் தண்ணீரில் விட்டு 1,400 காட்டும் படமும், பிள்ளைகள் குடிக்கும் குழாய்த் தண்ணீரில் விட்டு 70 காட்டும் படமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. மீட்டர் சில நூறு ரூபாய்தான்.

"வேலை நடுவுல நின்னு போச்சு, சொல்ல ஒண்ணும் இல்ல. அப்பவும் பதிவு போடணுமா?"

அப்போதுதான் கட்டாயம் போட வேண்டும். பணம் கொடுத்தவர்கள் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வார்கள், மௌனத்தைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். "மேடை கட்டி முடிந்தது. இயந்திரம் வரவில்லை, கடைக்காரர் 20-ஆம் தேதி என்கிறார். இதுவரை செலவு 13,400, மீதி அப்படியே கணக்கில் இருக்கிறது. அடுத்த தகவல் 21-ஆம் தேதி." இவ்வளவு போதும். அந்த 21-ஆம் தேதி மட்டும் தவறக் கூடாது, இயந்திரம் வராவிட்டாலும் வரவில்லை என்றாவது எழுதுங்கள்.

"ஒருத்தர் பொதுவெளியில 'கணக்கு எங்கே, சாப்டுட்டீங்களா'ன்னு கேட்டுட்டார். என்ன பண்றது?"

கோபம் வரத்தான் செய்யும், லீவு போட்டு வெயிலில் அலைந்தவருக்கு அது வலிக்கும். ஆனாலும் அவரை பிளாக் செய்யாதீர்கள், "நீங்க எவ்வளவு கொடுத்தீங்க?" என்று திருப்பிக் கேட்காதீர்கள். அந்த உரையாடலைப் படிக்கிற மற்றவர்களுக்காகத்தான் நீங்கள் பதில் எழுதுகிறீர்கள். கணக்குப் பதிவு ஏற்கெனவே இருந்தால் அதைக் காட்டுங்கள். இன்னும் போடவில்லை என்றால் இதுவரை வந்தது, செலவானது, இருப்பு என்று மூன்று தொகையை அங்கேயே எழுதி, "அசல் பில்கள் பள்ளி அலுவலகத்தில் இருக்கின்றன, வேலை நாளில் வந்து பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள், யாராவது நிஜமாகவே வந்து நிற்பார்கள்.

"கணக்குக் காட்டியாச்சு. அத்தோட முடிஞ்சதா?"

இயந்திரம் வைத்த இடத்தில் முடியாது. ஊர் ஊராகப் பள்ளிகளில் ஓடாத ஆர்.ஓ. இயந்திரங்கள் தூசி படிந்து நிற்கின்றன, பெரும்பாலும் ஃபில்டர் மாற்றக் காசில்லாமல். அந்த 12,000-ஐ முதல் பதிவிலேயே கேட்டது இதற்காகத்தான். பின்னால் போய் "ஃபில்டருக்குப் பணம் வேண்டும்" என்று கேட்டால் யாரும் கொடுப்பதில்லை, பழையதை ரிப்பேர் செய்யக் கொடுப்பதில் யாருக்கும் ஆர்வம் இருக்காது.

மாதம் ஒரு முறை பள்ளியில் ஒருவர் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்துச் சுவரில் ஒட்டிய தாளில் எழுத வேண்டும். 70-இல் இருந்தது 90, 120 என்று ஏறிக்கொண்டே போனால் மெம்பரேன் தேய்கிறது என்று அர்த்தம். தண்ணீர் வரும் வேகம் குறைந்தால் முதலில் முன் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், அது மலிவு, நாமே மாற்றலாம். இயந்திரம் சுத்தமாக்கித் தருவது போக வெளியே தள்ளுகிற உப்புத் தண்ணீரும் நிறைய இருக்கும், அதைக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பி விடுங்கள். "தண்ணிய வீணாக்கறீங்களே" என்று கேட்பவருக்கு அந்தக் குழாயைப் படமெடுத்துக் காட்டலாம்.

ஆறு மாதத்துக்கு ஒரு பதிவு போதும். அந்தச் சுவர்த் தாளின் படம், ஃபில்டர் மாற்றிய பில், கணக்கில் மீதி இருக்கிற தொகை. இரண்டாவது முறை வகுப்பறைக்கு மின்விசிறி கேட்டு நீங்கள் எழுதும்போது, புதிதாகப் படிப்பவர்கள் கீழே இறங்கி இந்தப் பழைய பதிவுகளைத்தான் தேடிப் பார்ப்பார்கள்.